டீ கேன்ல எவ்ளோ சீனி, புரோட்டால எவ்ளோ எண்ணெய்: ஷிப்ட் வேலைக்காரர் கணக்கு போடுறது எப்படி

"மேடம், மண்டபத்துல ஐஸ் பிளான்ட்ல ஆப்பரேட்டரா இருக்கேன், வயசு 41, மூணு ஷிப்டும் மாறி மாறி வரும். போன மாசம் மூணு மாச சராசரி சுகர் பாக்குற ஹெச்பிஏ1சி டெஸ்ட்ல 6.1 வந்துச்சு, டாக்டர் ப்ரீடயாபடீஸ்னு சொல்லி சீனியும் எண்ணெயும் குறைக்க சொன்னாரு. வீட்ல அளந்துதான் போடுறாங்க, ஆனா நான் கடை டீ, வடை, நைட் புரோட்டான்னு பாதி வெளியதான் சாப்பிடுறேன். கடைல சீனி கம்மின்னு சொல்லித்தான் டீ வாங்குவேன். இதுல எவ்ளோ உள்ள போகுதுன்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? தராசெல்லாம் தூக்கிட்டு போக முடியாது."

தராசு வேண்டாம். வீட்ல இருமல் சிரப் பாட்டில் இருந்தா அது கூட வர்ற 5 மில்லி மூடி போதும். தலை தட்டி ஒரு மூடி சீனி சுமாரா 4 கிராம், ஒரு மூடி எண்ணெய் சுமாரா நாலரை கிராம். இந்த ரெண்ட மட்டும் மனசுல வச்சுக்கோங்க, மத்ததெல்லாம் இதுல இருந்தே வந்துரும்.

முதல்ல கடை டீ. இனிப்ப வச்சு நாக்கால கணக்கு போடாதீங்க, ஏன்னா டிக்காஷன் தூக்கலா இருந்தா அதே சீனி கம்மியா தெரியும், ஆறிப்போன டீல ஒரு மாதிரி தெரியும், தினம் குடிக்கிற நாக்குக்கு எதுவுமே இனிப்பா தெரியாது. கடைல கூட்டம் இல்லாத நேரமா பாத்து போய் மாஸ்டர்கிட்ட "நான் வழக்கமா குடிக்கிற சீனி கம்மி டீக்கு எவ்ளோ போடுவீங்களோ அத மூணு டீக்கு ஒரு பேப்பர்ல போட்டு மடிச்சு குடுங்க"ன்னு கேளுங்க. தெரிஞ்ச கடைதானே, குடுப்பாங்க. ஒரு டீக்கு கேக்காம மூணு டீக்கு கேக்குறது ஏன்னா கை ஒரு தடவ குமிச்சு அள்ளும் ஒரு தடவ தட்டி அள்ளும், மூணு சேர்ந்தா சராசரி வந்துரும். வீட்டுக்கு கொண்டு போய் மூடியால அளந்து பாருங்க. உதாரணத்துக்கு மொத்தம் ஏழரை மூடி வந்துச்சுன்னா 30 கிராம், அப்ப ஒரு டீக்கு 10 கிராம். அது சீனி "கம்மி" டீ. கடைக்காரர் ஏமாத்துறாருன்னு அர்த்தம் இல்ல, அவரோட கம்மி வேற, டாக்டர் சொல்ற கம்மி வேற, அவ்ளோதான். இன்னொன்னு, சில கடைல பால்லயே சீனிய போட்டு காய்ச்சிருவாங்க, அங்க நீங்க கம்மின்னு சொன்னா மேல போடுற சீனி மட்டும்தான் குறையும். பால் சட்டில சீனி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. பாலுக்குள்ள இயற்கையா இருக்குற சர்க்கரைய இந்தக் கணக்குல சேக்க வேண்டாம், நாம பாக்குறது மேல சேக்குற சீனி மட்டும்தான்.

அடுத்து, நீங்க கடிதத்துல எழுதாத ஒன்னு, ஆனா எனக்கு அதுமேலதான் சந்தேகம். நைட் ஷிப்ட்ல பிளான்ட்டுக்கு டீ எப்படி வருது? பெரும்பாலும் கேன்லதான் வரும், சீனி எல்லாம் கலந்து. அங்க கம்மி கேக்க ஆளே கிடையாது. இத அளக்குறது கடை டீய விட லேசு. கேன் எத்தனை லிட்டர், அதுக்கு எத்தனை கிராம் சீனி கொட்டுறாங்கன்னு கேன் நிரப்புறவர்கிட்ட கேட்டா போதும், ஏன்னா கேனுக்கு அவங்க ஸ்பூன்ல போட மாட்டாங்க, டம்ளராலயோ பாக்கெட் கணக்குலயோ போடுவாங்க. 2 லிட்டர் கேனுக்கு கால் கிலோன்னு வச்சுக்குவோம். 250 கிராம் 2000 மில்லில, அப்ப 100 மில்லிக்கு பன்னெண்டரை கிராம். இனி உங்க டம்ளர் எவ்ளோ பிடிக்கும்னு தெரியணும். அரை லிட்டர் தண்ணி பாட்டில எடுத்து அந்த டம்ளர்ல நீங்க டீ ஊத்துற அளவுக்கே ஊத்திப் பாருங்க, நாலு டம்ளரும் கொஞ்சமும் வந்தா ஒரு டம்ளர் சுமாரா 120 மில்லி. ஆக ஒரு டம்ளர் கேன் டீல 15 கிராம் சீனி, கடை டீய விட ஒன்றரை மடங்கு.

இப்ப நாள எப்படி எண்ணுறதுங்கறதுக்கு வருவோம், ஷிப்ட்காரங்க கணக்கு தப்புறது பெரும்பாலும் இங்கதான். ராத்திரி 12 மணிக்கு தேதி மாறிருது, உங்களுக்கு நாள் மாறல. தேதி வச்சு எழுதுனா ஒரே நைட் ஷிப்ட் ரெண்டு பக்கத்துல பாதி பாதியா பிரிஞ்சு ரெண்டு நாளும் பரவால்லன்னு காட்டும். அதனால முழிச்சதுல இருந்து அடுத்த தடவ முழிக்கிற வரைக்கும் ஒரு நாள்னு வைங்க. சாப்பிட்ட உடனே போன்ல உங்களுக்கே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கோங்க, "ரெண்டரை மணி, கேன் டீ ஒன்னு"ன்னு. காலைல வந்து ஞாபகப்படுத்தி எழுதுறப்ப விட்டுப்போறது எப்பவும் டீயும் பிஸ்கட்டும்தான், அது யாருக்கும் சாப்பாடா தெரியறதில்ல.

ஒரு நைட் ஷிப்ட் நாள போட்டுப் பாப்போம். மத்தியானம் 2 மணிக்கு முழிக்கிறீங்க, வீட்டு சாப்பாடு. 5 மணிக்கு கடைல டீ, ரெண்டு பருப்பு வடை. ராத்திரி வீட்ல சாப்பிட்டு 10 மணிக்கு டூட்டி. 12, ரெண்டரை, நாலரைக்கு கேன் டீ, நடுவுல பிஸ்கட். காலைல 6 மணிக்கு வெளிய வந்து கடைல ஒரு டீ. கடை டீ ரெண்டுக்கு 20, கேன் டீ மூணுக்கு 45, ஆக 65. பிஸ்கட் பாக்கெட் பின்னாடி சேர்க்கப்பட்ட சர்க்கரை 100 கிராமுக்கு எவ்ளோன்னு போட்டிருக்கும், 24ன்னு இருந்து 75 கிராம் பாக்கெட்ல பாதிய சாப்பிட்டா 9 கிராம். மொத்தம் 74. ஐசிஎம்ஆர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்றது 2000 கலோரி சாப்பிடுறவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள. அப்ப கிட்டத்தட்ட மூணு மடங்கு, இத்தனைக்கும் இந்த ஆள் ஒரு ஸ்வீட் கூட தொடல. அதுலயும் பெரும்பங்கு ராத்திரி உள்ள போகுது, ராத்திரி நேரத்துல அதே சீனிய கையாளுற சக்தி உடம்புக்கு பகல விட கம்மி.

எங்க கை வைக்கணும்னு இந்தக் கணக்கே காட்டுது பாருங்க. கடை டீய அப்பிடியே நிறுத்தினாலும் 20தான் குறையும். கேன சீனி இல்லாம வாங்கி, சீனிய தனி டப்பால கொண்டு வந்து அவங்கவங்க போட்டுக்கிட்டா, நீங்க டம்ளருக்கு அரை மூடி போட்டாலும் மூணுக்கு 6 கிராம்தான். கடை டீல "சீனி கம்மி"ன்னு சொல்லாம "இப்ப போடுறதுல பாதி"ன்னு சொல்லி பாதியாக்குனா ரெண்டு டீக்கு 10. பிஸ்கட் 9. மொத்தம் 25. கூட வேலை பாக்குறவங்களுக்கும் தொந்தரவு இல்ல. சாயல்குடி கருப்பட்டி நம்ம பக்கம் நல்லா கிடைக்கும், சீனிக்கு பதிலா அத போட்டா கணக்குல வராதுன்னு நெறைய பேர் நம்புறாங்க, வரும், கருப்பட்டியும் கிட்டத்தட்ட முழுக்க சர்க்கரைதான், கிராமுக்கு கிராம் அப்பிடியே எழுதுங்க.

எண்ணெய் விஷயம் இவ்ளோ துல்லியமா வராது, அத முன்னாடியே சொல்லிர்றேன். வடை எவ்ளோ குடிக்கும்ங்கறது மாவோட தண்ணி, எண்ணெயோட சூடு, வடை சைஸ் எல்லாத்தயும் பொறுத்தது. ஒரு தடவ வீட்ல வடை சுடுறப்ப அரை லிட்டர் எண்ணெய அளந்து ஊத்தி, சுட்டு முடிஞ்சு நல்லா ஆறினதும் மிச்சத்த அளக்க சொல்லுங்க. 20 வடைக்கு 110 மில்லி குறைஞ்சிருந்தா ஒன்னுக்கு அஞ்சரை மில்லி, அதாவது 5 கிராம். கடை வடை பெருசு, சட்டி சூடு ஏறி இறங்கிட்டே இருக்கும், அதனால 7ன்னு வைங்க. பேப்பர்ல வச்சு அமுக்குறீங்கன்னா அது மேல ஒட்டியிருக்கறத மட்டும்தான் எடுக்கும், கணக்குல கழிக்காதீங்க.

புரோட்டாவுக்கும் மாஸ்டர்தான் வழி. ஒரு கிலோ மைதாவுக்கு பிசையறது, உருண்டைய ஊற வைக்கிறது, வீசறது, கல்லுல ஊத்துறது எல்லாம் சேத்து எவ்ளோ எண்ணெய், எத்தனை புரோட்டா வரும்னு கேளுங்க. 20 புரோட்டாவுக்கு 220 மில்லின்னா ஒன்னுக்கு 11 மில்லி, அதாவது 10 கிராம். எண்ணெய்ல பொரிச்சு எடுக்குற புரோட்டான்னா இது செல்லாது, ரெண்டு மடங்கா வைங்க. சால்னாவ ஒரு நிமிஷம் ஆட்டாம வச்சு, மேல மெதக்குற எண்ணெய ஸ்பூனால தனியா வழிச்சு எடுத்துப் பாருங்க, ரெண்டு ஸ்பூன் வந்தா 9 கிராம். மூணு புரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட்னு பாத்தா 30, 9, 5, ஆக 44.

வீட்டுக் கணக்கு லேசு. மாசம் 3 லிட்டர், வீட்ல 4 பேருன்னா ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 23 கிராம். அதே வழிகாட்டுதல்ல ஒரு நாளைக்கான தட்டுல எண்ணெய் 27 கிராம். அப்ப புரோட்டா இல்லாத நாள் வீட்டு 23ம் வடை 14ம் சேந்து 37. புரோட்டா நாள்ல ஒரு வேளை வீட்டு சாப்பாடு இல்ல, அதனால வீட்டு பங்கு பாதி, 12, வடை 14, புரோட்டா செட் 44, மொத்தம் 70. இதுல 5, 10 முன்னப்பின்ன இருக்கும், ஆனா வாரத்துக்கு எத்தனை புரோட்டா நாள்ங்கறதுதான் உங்க எண்ணெய தீர்மானிக்குதுன்னு சொல்றதுக்கு இந்த துல்லியம் போதும். ரெண்டு எண்ணுக்கு நடுவுல சந்தேகம் வந்தா பெருச எழுதுங்க. எண்ணெய் உடனே சுகர ஏத்தாது, இடுப்பு வழியாத்தான் வேலைய காட்டும். புரோட்டால மைதா தனியா சுகர ஏத்தும், அது இந்த ரெண்டு கணக்குலயும் வராது, அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

ஒவ்வொரு ஷிப்ட்லயும் ரெண்டு மூணு நாளாவது எழுதுங்க, ஒரு நைட் ஷிப்ட வச்சு மாசத்த முடிவு பண்ண முடியாது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலத்துல எடுக்காதீங்க, படகு கடலுக்கு போகாம பிளான்ட்ல வேலையும் டீயும் குறைஞ்சு கணக்கு பொய்யா நல்லா தெரியும்.

இன்னொன்னு, நைட் முடிச்சு அப்பிடியே லேப்ல வெறும் வயித்து டெஸ்ட் குடுக்குற பழக்கம் இருந்தா, நாலரைக்கு குடிச்ச கேன் டீ அந்த ரிசல்ட்ட கெடுத்துரும். தூங்கினீங்களாங்கறது கணக்கில்ல, தண்ணி தவிர எதுவும் இல்லாம 8 மணி நேரம் ஆகியிருக்கணும், அதனால லீவு நாள்ல குடுங்க. ஹெச்பிஏ1சிக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது, கேன் டீய மாத்தி மூணு மாசம் கழிச்சு அத திரும்ப எடுத்து, எழுதின பேப்பரோட டாக்டர்கிட்ட காட்டுங்க.