வேலை இல்லை என்று எழுதுவது – கடிதம்

அன்புள்ள அக்கா,

புறக்கோட்டையில் துணி இறக்குமதி செய்யும் கம்பனி ஒன்றில் அலுவலக நிர்வாகம் பார்க்கிறேன். கணக்கு உதவியாளர் வேலைக்கு மூன்று பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டோம். அதில் ஒரு பிள்ளை வவுனியாவிலிருந்து இரவு பஸ்ஸில் இரண்டு தடவை வந்தாள். எக்செல் டெஸ்ட்டில், வங்கி இணக்கக் கூற்றில் இரண்டு முறை பதிந்திருந்த காசோலையைச் சரியாகப் பிடித்தாள். ஆனால் முதலாளி வேறொருவரை எடுத்துவிட்டார். வார்ஃப் கிளார்க்கோடும் சுங்கத்திலும் தினமும் சிங்களத்தில் பேச வேண்டும், இவளுக்கு அது அவ்வளவாக வராது என்பதுதான் காரணம். விளம்பரத்தில் நாங்கள் அதைப் போடவில்லை. வழக்கமாக அனுப்பும் கடிதம் இது:

"மேற்படி பதவிக்குத் தாங்கள் காட்டிய ஆர்வத்திற்கு நன்றி. பெருந்தொகையான விண்ணப்பங்கள் கிடைக்கப்பெற்றமையால், துரதிர்ஷ்டவசமாக இம்முறை தாங்கள் தெரிவு செய்யப்படவில்லை என்பதை வருத்தத்துடன் அறியத்தருகின்றோம். தங்களது விபரங்கள் எதிர்காலத் தேவைகளுக்காகக் கோப்பில் பேணப்படும். தங்களது முயற்சிகள் யாவும் வெற்றியளிக்க வாழ்த்துகின்றோம். – முகாமைத்துவம்"

இதை அவளுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எப்படி எழுதலாம்?

வாசகி, வெள்ளவத்தை

*

அன்புள்ள தங்கைக்கு,

உயர்தரம் முடித்த வருஷம் எனக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது. அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தோம். ரோனியோவில் அடித்த தாள். 'தெரிவு செய்யப்பட்டுள்ளீர்கள் / தெரிவு செய்யப்படவில்லை' என்று இரண்டும் அச்சில் இருக்கும், பொருந்தாததைப் பேனாவால் வெட்டிவிடுவார்கள். என் தாளில் பேனாவின் மை சரியாக இறங்கவில்லை. அம்மா வாசலில் நின்றே பிரித்து, வெட்டிய வரியை வாசித்துவிட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். பிறகு நான்தான் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அவருக்குச் சொன்னேன். பின்னாளில் ஆட்சேர்ப்பு வேலைக்கு வந்து நானே இந்தக் கடிதங்களை எழுதிய காலம் முழுவதும் அந்தக் கோடு எனக்குள் இருந்தது. வேலை கிடைக்காததை நான் சீக்கிரம் மறந்துவிட்டேன். அந்தத் தாளை இன்னும் மறக்கவில்லை.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் இரண்டாவது வாக்கியத்தின் கடைசியில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் பிள்ளை ஃபோனில் கடிதத்தைத் திறந்ததும் முதலில் தேடப்போவது 'ஆம்' அல்லது 'இல்லை'. 'ஆர்வத்திற்கு நன்றி' என்று தொடங்கினால் அவளுக்கு உடனே புரிந்துவிடும், ஆனாலும் உறுதியாகத் தெரிய இன்னும் இரண்டு வரி காத்திருக்க வேண்டும். முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பாராட்டு ஏதும் இருந்தால் முடிவுக்குப் பின்னால் வரட்டும். முன்னால் வைத்தால் 'ஆனால்' எப்போது வரும் என்ற பயத்தோடுதான் அதை வாசிப்பாள், பாராட்டு மனதில் ஏறாது.

அடுத்தது, 'தெரிவு செய்யப்படவில்லை'. நம் அலுவலகத் தமிழில் இந்தச் 'செய்யப்பட' எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. முடிவெடுத்தவர் யார் என்று அதில் தெரியாது. மழை பெய்யவில்லை என்பதுபோல, தானாக நடந்த ஒன்றாகிவிடுகிறது. எழுவாய் 'தாங்கள்' என்பதால் குறையும் அவள் பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. 'நாங்கள் வேறொருவரைத் தெரிவு செய்துள்ளோம்' என்று எழுதிப் பாருங்கள். செய்தவர் நீங்கள் என்று ஆகிவிடும். 'துரதிர்ஷ்டவசமாக' என்பதையும் எடுத்துவிடுங்கள். உங்கள் முதலாளி யோசித்துத்தானே முடிவெடுத்தார், அதில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை? மூன்று பேரைக் கூப்பிட்டுவிட்டுப் 'பெருந்தொகையான' என்று எழுதுவதும் வேண்டாம். நேர்முகத்தன்று வெளியே நாற்காலியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவள் பார்த்திருப்பாள்.

கோப்பில் பேணுவது பற்றிய வரியை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். உண்மையிலேயே கூப்பிடப் போகிறீர்கள் என்றால், எந்த வேலைக்கு, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று சொல்லி, அவளிடம் சம்மதம் கேளுங்கள். இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவருடைய விபரத்தை எதற்காக வாங்கினோமோ அந்தத் தேவை இருக்கும்வரைதான் வைத்திருக்கலாம் என்கிறது.

இனிக் காரணம். கடினமான இடம் இதுதான். நேர்முகத்துக்குக் கூப்பிடாத ஒருவருக்கு இரண்டு வரி போதும், காரணம் வேண்டியதில்லை. இரண்டு தடவை இரவு பஸ் ஏறி வந்தவளுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவளே ஒன்றைக் கற்பனை செய்துகொள்வாள். உடுப்பா, பேச்சா, வவுனியா என்பதா, கணக்கில் ஏதும் பிழைத்ததா என்று. உண்மைக் காரணத்தைவிட அந்தக் கற்பனைகள்தான் அவளை அதிகம் நோகடிக்கும்.

ஆனால் உங்கள் காரணம் மொழி. நம் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் சிங்களம் தெரியாததால் அரச வேலையில் தேங்கியவர்கள், வேலையை விட்டவர்கள் பல தமிழ் வீடுகளில் இருந்தார்கள். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் 'உங்களுக்குச் சிங்களம் போதாது' என்று ஒரு கடிதம் வந்தால், அவள் வீட்டில் அதைப் பழைய காயத்தோடு சேர்த்துத்தான் வாசிப்பார்கள். அதற்காகக் காரணத்தை மறைக்கச் சொல்லவில்லை. வாக்கியத்தை அவளைப் பற்றியதாக எழுதாமல் வேலையைப் பற்றியதாக எழுதுங்கள். 'உங்களுக்கு வராது' என்பது அவளை அளக்கிறது. 'இந்த வேலையில் தினமும் சிங்களத்தில் பேச வேண்டியிருக்கிறது' என்பது மேசையில் கிடக்கும் வேலையைச் சொல்கிறது. அது அவளுக்குப் பயனுள்ள தகவலும்கூட. அடுத்த தடவை துறைமுகத்தோடு தொடர்புள்ள கம்பனி ஒன்றில் விண்ணப்பிக்கும்போது முதலிலேயே கேட்டுக்கொள்வாள்.

விளம்பரத்தில் அதைப் போடாதது உங்கள் பிழை. அதைக் கடிதத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். முதலாளி தயங்குவார், பிழையை எழுத்தில் கொடுப்பதா என்று கேட்பார். அவள் விளம்பரத்தை வைத்திருப்பாள், நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அது அவள் கண்ணில் படும் என்று சொல்லுங்கள். முடிந்தால் இரண்டாம் தடவைப் பயணச் செலவையாவது கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கொடுக்கச் சம்மதித்தால் மட்டும் கடிதத்தில் எழுதுங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அன்புள்ள செல்வி ……,

கணக்கு உதவியாளர் வேலைக்கு நாங்கள் வேறொருவரைத் தெரிவு செய்துள்ளோம். இந்த முறை உங்களுக்கு அந்த வேலையைத் தர முடியவில்லை.

காரணத்தை உங்களிடம் நேரடியாகச் சொல்வதுதான் முறை. இந்த வேலையில் இருப்பவர் வார்ஃப் கிளார்க்கோடும் சுங்கத் திணைக்களத்தோடும் தினமும் சிங்களத்தில் பேச வேண்டியிருக்கிறது. நாங்கள் தெரிவு செய்தவர் அந்த வேலையை ஏற்கெனவே செய்து பழகியவர். இந்தத் தேவையை நாங்கள் விளம்பரத்தில் குறிப்பிட்டிருக்க வேண்டும். குறிப்பிடாதது எங்கள் தவறு. அதனால் நீங்கள் வவுனியாவிலிருந்து இரண்டு தடவை வந்துபோக நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறோம். இரண்டாம் தடவைப் பயணச் செலவை நாங்கள் தருகிறோம், உங்கள் வங்கிக் கணக்கு இலக்கத்தை எனக்கு அனுப்புங்கள்.

உங்கள் கணக்கு வேலையில் எங்களுக்குக் குறை எதுவும் தெரியவில்லை. வங்கி இணக்கக் கூற்றில் இரண்டு முறை பதிந்திருந்த காசோலையை நீங்கள் கண்டுபிடித்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று விளக்கிய விதம் எங்களுக்குப் பிடித்திருந்தது.

இது பற்றி ஏதும் கேட்க விரும்பினால் என்னை அழையுங்கள். வார நாட்களில் மாலை மூன்று மணிக்குப் பிறகு பேசலாம்.

(உங்கள் பெயர், பதவி, நேரடித் தொலைபேசி இலக்கம்)"

'தாங்கள்' என்பதை 'நீங்கள்' ஆக்கியிருக்கிறேன். நேர்முகத்தில் அவளோடு 'நீங்கள்' என்றுதானே பேசியிருப்பீர்கள், கடிதத்தில் திடீரென்று 'தாங்கள்' என்றால் கதவைச் சாத்தியதுபோல இருக்கும். 'முகாமைத்துவம்' என்று கையெழுத்திடாமல் உங்கள் பெயரைப் போடுங்கள். பாராட்டில் 'திறமையானவர்' என்று எழுதவில்லை, அது யாருக்கும் எழுதக்கூடிய சொல். காசோலையைப் பற்றி அவளுக்கு மட்டும்தான் எழுத முடியும். 'நீங்கள் மட்டுமே கண்டுபிடித்தீர்கள்' என்று எழுதுவதையும் தவிர்த்தேன். மற்ற இருவருடைய டெஸ்ட் பற்றி இவளுக்குச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. 'அந்தக் குறை மட்டும் இல்லாவிட்டால் நிச்சயம் எடுத்திருப்போம்' என்றும் எழுதாதீர்கள். அது உங்களுக்கே நிச்சயமாகத் தெரியாது, அவளோ சிங்கள வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டுத் திரும்பி வருவாள்.

நேர்முகக் குறிப்புகளையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். முதலாளி உங்களிடம் மொழி என்று சொல்லிவிட்டு, குறிப்பில் வேறு எதையாவது எழுதியிருந்தால், கடிதத்தில் காரணத்தைப் போடவே வேண்டாம். முதல் பந்தியும் காசோலை பற்றிய பந்தியும் மட்டும் போதும். பொய்யான காரணத்தைவிடக் காரணம் சொல்லாதது மேல். தெரிந்தவரின் மகனை எடுத்துக்கொண்ட இடங்களில் நானும் அப்படித்தான் எழுதினேன், வேறு வழி இருக்கவில்லை.

அனுப்பும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். தெரிவானவர் நியமனக் கடிதத்தில் கையெழுத்து வைக்கும்வரை பொறுங்கள். அவர் வர மாட்டேன் என்றால் இவளைக் கூப்பிட வேண்டி வரலாம். அதுவரை சும்மா இருக்காமல், 'முடிவை வியாழக்கிழமை சொல்கிறோம்' என்று ஒரு மெசேஜ் போட்டு, வியாழன் காலையிலேயே அனுப்பிவிடுங்கள். வெள்ளி பின்னேரம் வேண்டாம், கேள்வி கேட்க ஆள் இல்லாத இரண்டு நாள் அவள் அதை வைத்துக்கொண்டு இருப்பாள். ஃபோனில் சொல்லாமல் எழுத்தில் அனுப்புவதே நல்லது என்பது என் அனுபவம். ஃபோனில் சொன்னால், அழுகை வந்தாலும் 'பரவாயில்லை மிஸ், தேங்க்யூ' என்று அந்த நிமிஷமே அவள் சொல்லியாக வேண்டும்.

அப்புறம், கிராம சேவகர் சான்றிதழோ பாடசாலை நற்சான்றிதழோ மூலப் பிரதியாக உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாளைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். அடுத்த நேர்முகத்துக்கு அவளுக்கு அது கையில் வேண்டும்.

அன்புடன்,
அக்கா