லிம்போசைட் குறைவு: அந்த அணுக்கள் எங்கே போயின?

இந்த முறை வந்த கேள்விகளில் ஆறு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டின் ஒரே வரியைப் பற்றியவை. லிம்போசைட் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை. வைரஸை அடையாளம் கண்டு அழிப்பதும், பழைய தொற்றை நினைவில் வைத்திருப்பதும் இதன் வேலை. இது குறைந்தால் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அணுக்கள் இடம் மாறியிருக்கின்றனவா, அழிந்திருக்கின்றனவா, அல்லது உற்பத்தியே ஆகவில்லையா? அந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

"லிம்போசைட் 14 சதவீதம், குறைவு என்று சிவப்பில் அச்சடித்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது." (மேற்கு மாம்பலம், ஆண், 41)

சதவீதத்தை விட்டுவிடுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். உங்கள் மொத்த வெள்ளணு 11,200. அதில் 14 சதவீதம் என்றால் 1,568. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,000-க்குக் கீழே போனால்தான் பெரும்பாலும் குறைவு என்கிறோம். சில லேப்களில் 1,500 என்று வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கிலும் நீங்கள் தப்பித்துவிட்டீர்கள். உங்களுக்கு வெள்ளணுவின் இன்னொரு வகையான நியூட்ரோபில் கூடியிருக்கிறது, அதனால் லிம்போசைட்டின் பங்கு சிறிதாகத் தெரிகிறது. பல்லில் சீழ் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், காரணம் அதுவாக இருக்கலாம். பல் சரியான பிறகு ஒரு முறை பார்த்தால் போதும்.

"அம்மாவுக்கு வயது 58. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கட்டித் தரும் மாத்திரைகளை எட்டு மாதமாகச் சாப்பிடுகிறார். வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. இப்போது சர்க்கரை கூடியிருக்கிறது, லிம்போசைட் குறைந்திருக்கிறது. எதிர்ப்பு சக்தி போய்விட்டதா?" (வியாசர்பாடி, மகள்)

ரிப்போர்ட்டை இணைத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. மொத்த வெள்ளணு 13,400. நியூட்ரோபில் 88, லிம்போசைட் 6, மோனோசைட் 6, ஈசினோபில் 0. எண்ணிக்கையாகப் பார்த்தால் லிம்போசைட் 804, நியூட்ரோபில் 11,792. வெறும் வயிற்றில் சர்க்கரை 112, சாப்பிட்ட பிறகு 246.

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், அதாவது நியூட்ரோபில் ஏறி, லிம்போசைட் இறங்கி, ஈசினோபில் துடைத்து விட்டதுபோல் காணாமல் போயிருந்தால், நான் முதலில் கேட்பது "ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கிறீர்களா?" என்றுதான். பாக்டீரியா தொற்றிலும் இதே படம் வரலாம். ஆனால் காய்ச்சல் இல்லை என்கிறீர்கள், சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் சர்க்கரை துள்ளுகிறது, முகம் உப்பியிருக்கிறது, கையில் லேசாக இடித்தாலே ரத்தக்கட்டு வருகிறது. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. பொட்டலத்தில் பிரெட்னிசோலோனோ டெக்ஸாமெத்தசோனோ இருக்க அதிக வாய்ப்பு உண்டு. பெயர் அச்சிட்ட அட்டை இல்லாமல் தனித்தனியாகப் பிரித்துத் தருவதால் உங்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஸ்டீராய்டு உள்ளே போனதும் லிம்போசைட்டுகள் ரத்த ஓட்டத்தை விட்டு எலும்பு மஜ்ஜைக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் நகர்ந்துவிடுகின்றன. ஒரு வேளை மருந்துக்கே நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் எண்ணிக்கை நன்றாக இறங்கும். ஒரே ஒரு டோஸ் பிரெட்னிசோலோன் என்றால் அடுத்த நாள் பழைய நிலைக்கு வந்துவிடும். அதே நேரத்தில் ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நியூட்ரோபில்கள் ஓட்டத்துக்கு வருவதால் மொத்த எண்ணிக்கை ஏறுகிறது. உங்கள் அம்மா காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்டு, பதினொன்றரைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார். அணுக்கள் நகரத் தொடங்கி, எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது.

இடம் மாறியதுதானே, அப்படியானால் கவலை இல்லை என்று விட்டுவிட முடியாது. எட்டு மாதம் நீடித்தால் அணுக்கள் நகர்வதோடு நிற்பதில்லை, அவற்றின் செயல்பாடும் மட்டுப்படும், ஒரு பகுதி அழியவும் செய்யும். அக்கி, காசநோய், வாய்ப்புண் போல வரும் பூஞ்சை எல்லாம் அப்படித்தான் நுழைகின்றன. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஸ்டீராய்டு காய்ச்சலையே மறைத்துவிடும். அதனால் "காய்ச்சல் இல்லை" என்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் வேண்டும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று உண்டு, தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். கோபத்தில் பொட்டலத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து இவ்வளவு நாள் ஸ்டீராய்டு வந்ததால் அம்மாவின் அட்ரினல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் கடும் அசதி, வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மீதி பொட்டலங்களை எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். அவர் அளவு தெரிந்த பிரெட்னிசோலோனுக்கு மாற்றி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். தேவைப்பட்டால் காலை எட்டு மணி கார்டிசால் பரிசோதனை செய்து சுரப்பி விழித்துக்கொண்டதா என்று பார்ப்பார். அப்புறம் மூட்டு வலிக்கு உண்மையான காரணம் என்ன என்பதையும் அப்போதுதான் கண்டுபிடிக்க முடியும். இதுவரை அதை யாரும் பார்க்கவே இல்லை.

அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது காலை மாத்திரைக்கு முன்பே கொடுக்கச் சொல்லுங்கள், மருந்தின் தாக்கம் குறைவாகத் தெரியும். டெக்ஸாமெத்தசோன் நீண்ட நேரம் வேலை செய்யும் என்பதால் அதில் இந்த உத்தி முழுதாகப் பலிக்காது. மூட்டுக்குள் போடும் ஊசியும் சில நாட்களுக்கு எண்ணிக்கையைக் குறைக்கலாம், அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கு வழக்கமான அளவில் எடுக்கும் இன்ஹேலரால் பொதுவாக இப்படி ஆவதில்லை.

"மகனுக்கு டெங்கு. மூன்றாம் நாள் லிம்போசைட் குறைவு என்றார்கள், ஆறாம் நாள் அதிகம், அதுவும் 'ரியாக்டிவ்' என்கிறார்கள். லேப் தவறா?" (வேளச்சேரி, தாய்)

லேப் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. மூன்றாம் நாள் வெள்ளணு 2,600, அதில் 24 சதவீதம் என்றால் 624. வைரஸ் நோயின் தொடக்கத்தில் லிம்போசைட்டுகள் திசுக்களுக்கு நகர்வதும் உண்டு, அழிவதும் உண்டு. காய்ச்சல் தணியும் சமயத்தில் வைரஸை எதிர்த்துப் பெருத்துப் பெருகிய லிம்போசைட்டுகள் ரத்தத்துக்கு வருகின்றன. அவற்றைத்தான் ரியாக்டிவ் என்று எழுதியிருக்கிறார்கள். டெங்குவில் இது எதிர்பார்க்கும் போக்குதான். இதை ஏற்றுவதற்கென்று மாத்திரையோ இலைச்சாறோ தேவையில்லை.

உங்கள் கண் இருக்க வேண்டியது வேறு இடத்தில். காய்ச்சல் விட்ட அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அமைதியின்மை அல்லது தூங்கித் தூங்கி விழுவது, சிறுநீர் குறைவது, இவற்றில் எது வந்தாலும் இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். லிம்போசைட்டை ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால் போதும். கோவிட், ஃப்ளூ போன்றவற்றுக்குப் பிறகும் இதே கணக்குத்தான்.

"மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை பார்த்தேன்: 910, 840. மாத்திரை எதுவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. முடி நிறையக் கொட்டுகிறது, காலையில் விரல்கள் இறுகிப்போகின்றன." (பெருங்குடி, பெண், 27)

உங்களைக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். மருந்தும் இல்லை, தொற்றும் இல்லை, இரண்டு முறையும் குறைவு, கூடவே முடியும் மூட்டும். லூபஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் நம் உடலே தயாரிக்கும் எதிரணுக்கள் லிம்போசைட்டுகளைத் தாக்கி அழிக்கின்றன. ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையோடு, சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் போகிறதா என்றும் பாருங்கள். ஏ.என்.ஏ.வைவிட அந்தச் சிறுநீர்ப் பரிசோதனைதான் எனக்கு அவசரம். லூபஸ் சிறுநீரகத்தைப் பிடிப்பது வலியில்லாமல் நடக்கும், வீக்கம் வந்த பிறகு தெரிந்தால் தாமதமாகிவிடும். ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்பதாலேயே லூபஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நோய் இல்லாதவர்கள் பலருக்கும் அது லேசாகப் பாசிட்டிவ் ஆக இருக்கும்.

கூடவே எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். உங்களைச் சந்தேகித்துச் சொல்லவில்லை. நீடித்த லிம்போசைட் குறைவோடு வரும் எல்லோரிடமும் இதைச் சொல்வேன், ஏனென்றால் மருந்தால் நன்றாகக் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு காரணத்தைத் தவறவிடக் கூடாது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் கண்டறியப்பட்டது நம் ஊரில்தான். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகவும் ரகசியமாகவும் செய்கிறார்கள். மொத்த லிம்போசைட் சரியாக இருந்தாலும் அதற்குள் சி.டி.4 என்ற வகை மட்டும் குறைந்திருக்கலாம் என்பதால், எண்ணிக்கையை வைத்து எச்.ஐ.வி. இல்லை என்று யாரும் ஊகிக்கக் கூடாது.

"அப்பாவுக்கு 69 வயது, லிம்போசைட் 900. ரத்தப் புற்றுநோயா? மஜ்ஜை பரிசோதனை தேவையா?" (பெரம்பூர், மகன்)

ஹீமோகுளோபின், நியூட்ரோபில், பிளேட்லெட் மூன்றும் சரியாக இருக்கின்றன. மஜ்ஜை கெட்டால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாவது சேர்ந்து ஆட்டம் காணும். லிம்போசைட் மட்டும் லேசாகக் குறைந்திருப்பதற்காக மஜ்ஜையில் ஊசி போட வேண்டாம். வயதாலும் குறையும், சரியாகச் சாப்பிடாததாலும் குறையும். ஆனால் கழுத்து, அக்குள், கவட்டை மூன்றிலும் கட்டி இருக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்க்கட்டும். எடை குறைவு, இரவில் சட்டை நனையும் வியர்வை, ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரில் விபரீதமான அணு, அல்லது இன்னொரு அணு வகையும் இறங்குவது என்று ஏதாவது வந்தால் கதை வேறு. லிம்போமா போன்றவற்றைத் தேட வேண்டும்.

"என் நாலு மாதக் குழந்தைக்கு வாயில் மாவுபோல் படிந்த வெள்ளை போகவே இல்லை, எடையும் ஏறவில்லை. லிம்போசைட் 1,900, லேப் நார்மல் என்று போட்டிருக்கிறது." (திருவொற்றியூர், தாய்)

கடைசியாக வைத்தாலும் எனக்கு அதிகக் கவலை தந்த கடிதம் இதுதான், அதனால் உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன். லேப் அச்சிட்டிருக்கும் அளவு பெரியவர்களுக்கானது. கைக்குழந்தைக்கு லிம்போசைட் நம்மைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும். இந்த வயதில் 3,000-க்குக் கீழே இருந்தாலே மறுபடி பார்க்க வேண்டும். நீங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், முதல் குழந்தை ஆறு மாதத்தில் நிமோனியாவில் இறந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிறவியிலேயே லிம்போசைட் உருவாகாத நோய் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற ரத்தப் பரிசோதனையில் எந்த வகை அணு இல்லை என்று தெரியும். இருந்தால் மஜ்ஜை மாற்று சிகிச்சை உண்டு, தொற்று பிடிப்பதற்கு முன்பே செய்தால் பலன் மிக நன்றாக இருக்கும்.

எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு இன்றைக்கே கொண்டு போங்கள். மூன்று விஷயங்களை அங்கே நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்: பிறந்தபோது பி.சி.ஜி. போட்டாயிற்று, அந்த இடத்தில் புண் ஆறாமல் இருக்கிறது, முதல் குழந்தை இறந்துவிட்டது. முடிவு தெரியும் வரை போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு போன்ற உயிருள்ள தடுப்பு மருந்து எதுவும் வேண்டாம். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்று கேளுங்கள். சாதாரண ரத்தத்தில் உள்ள கொடையாளியின் லிம்போசைட்டுகளை இந்தக் குழந்தையின் உடலால் தடுக்க முடியாது, அவை குழந்தையையே தாக்கும்.