ஒரு வயதுக் குழந்தைக்கு மணி வைத்த கொலுசு போடலாமா?

"பாப்பாவுக்கு 13 மாதம். தாய்மாமன் வெள்ளிக் கொலுசும் வளையலும் எடுக்கப் போகிறார். மணி வைத்தது போடலாமா? கொக்கியா, திருகா? என்ன அளவு சொல்ல வேண்டும்?"

கொலுசு போடலாம். ஆனால் கொத்து மணி தொங்கும் கொலுசு மூன்று வயது வரை வேண்டாம் என்பேன். இந்த வயதில் குழந்தை உட்கார்ந்தபடியே காலை இழுத்து வாயில் வைக்கும். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளில், 31.7 மி.மீ. அகலமுள்ள சிறு உருளைக்குள் அடங்கிவிடும் உதிரிப் பாகம் இருக்கக் கூடாது என்பது விதி. கொலுசு மணியின் அகலம் ஐந்தாறு மி.மீ.தான். அது தொண்டையோடு நிற்காது, மூச்சுக்குழாய்க்கும் இறங்கிவிடும்.

மணி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் மணி அல்ல, அதைச் சங்கிலியோடு கோக்கும் குட்டி வளையம். அதை வளைத்து முனைகளைச் சேர்த்து மட்டும் விட்டிருப்பார்கள். ஃபிராக் நூலில் மாட்டி இரண்டு முறை இழுபட்டால் வாய் திறந்துகொள்ளும். கடையிலேயே ஒவ்வொரு வளையத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முடி அளவு கோடு தெரிந்தால் அது பற்றவைக்காதது. கொலுசு ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் ஆசாரியிடம் கொடுத்து எல்லா வளையத்தையும் பற்றவைக்கச் சொல்லுங்கள், அல்லது மணிகளைக் கழற்றி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு கோத்துக்கொள்ளலாம். சத்தம் வேண்டும் என்பவர்கள் உள்ளே பரல் போட்ட தண்டை வாங்கலாம். அதிலும் இணைப்புக் கோடு முழுதாக மூடியிருக்க வேண்டும், நசுங்கி விரிந்தால் பரல் கொட்டும்.

பூட்டு விஷயத்தில் பலரும் திருகுதான் பத்திரம் என்று நினைக்கிறார்கள். பெரியவர்களுக்குச் சரி. குழந்தைக்கு அந்தத் திருகாணியே தனியாகக் கழன்று விழும் இன்னொரு சிறு பொருள். ஓடி ஆடும் அதிர்வில் மெல்லத் தளர்ந்துவிடும். இந்த வயதுக்குக் கொலுசோடு பிரியாமல் இருக்கும் கொக்கியே மேல். மாட்டியபின் குறட்டால் மெல்ல அழுத்தி வாயை மூடுங்கள். நகம் நுழையும் இடைவெளி இருந்தால் அது கழன்று வரும். வெள்ளி மென்மையானது. தினமும் திறந்து மூடினால் வளைவு களைத்து ஒருநாள் ஒடியும். அதனால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கொக்கியைப் பாருங்கள், வளைவில் விரிசல் தெரிந்தால் மாற்றுங்கள். காந்தப் பூட்டும், பட்டன் பேட்டரி போட்ட மின்னும் வளையலும் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம்.

அளவுக்கு ஒரு நூல் போதும். கணுக்காலைச் சுற்றி ஒருமுறை, குதிகாலையும் பாதத்தின் மேல்வளைவையும் சேர்த்துச் சுற்றி ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். கொலுசின் நீளம் முதல் அளவைவிட ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. கூடுதலாகவும், இரண்டாவது அளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். முதலாவது 14, இரண்டாவது 17 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 6 அங்குலக் கொலுசு 15.2 செ.மீ., பொருந்தும். "வளர்ற பிள்ளை" என்று 7 அங்குலம் எடுத்தால் 17.8 செ.மீ., குதிகாலைத் தாண்டிக் கழன்று நேரே வாய்க்குப் போகும். வளர்ச்சிக்கு இடம் வேண்டுமென்றால் முனையில் மூன்று நான்கு கூடுதல் வளையம் வைத்து வாங்குங்கள். போட்டபின் உங்கள் சுண்டுவிரல் நுழைய வேண்டும். கழற்றிப் பத்து நிமிடம் ஆகியும் தடம் மறையவில்லை என்றால் இறுக்கம்.

வளையல் எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. 1.8 என்பது தசமம் இல்லை, ஓர் அங்குலமும் பதினாறில் எட்டுப் பங்கும், அதாவது 38.1 மி.மீ. விட்டம். ஆகவே 1.10 என்பது 1.8-ஐவிடப் பெரியது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையின் அகலமான இடத்தை நூலால் சுற்றி, அதை 3.14-ஆல் வகுங்கள். 12.5 செ.மீ. வந்தால் விட்டம் சுமார் 40 மி.மீ., எனவே 1.10 (41.3 மி.மீ.). கண்ணாடி வளையல் இப்போது கூடவே கூடாது. விரித்துப் போடும் காப்பு என்றால் முனைகள் உருண்டையாக இருக்கட்டும், அடிக்கடி விரித்து நெருக்கினால் நடுவில் ஒடியும்.

தூங்கும்போது எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மணிக் கொலுசுதான் போடுவோம் என்றால் இரு காலிலும் எத்தனை மணி என்று எழுதி வைத்து, குளிப்பாட்டும்போது தினமும் எண்ணுங்கள். ஒன்று குறைந்து, குழந்தைக்குத் திடீரென்று இருமலோ நெஞ்சில் ஒரு பக்கம் மட்டும் மூச்சிழுப்போ வந்திருந்தால், இருமல் அடங்கிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மணி நுரையீரல் கிளைக்குள் இறங்கிவிட்டாலும் இருமல் அடங்கும். வெள்ளி எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். மூச்சே விட முடியாமல் திணறினால், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், மணி இன்னும் உள்ளே போகும். தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை அழுத்தித் தட்டிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.