எடைச் சீட்டை வாங்கி வந்தவள்

அன்புள்ள ஐயா,

வரும் வியாழக்கிழமை என் மகளுக்கு 18 முடிகிறது. கோவையில் கல்லூரி கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் ஹாஸ்டலுக்குப் போகிறாள். தினமும் லைவ் லொகேஷன் மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பிறந்தநாளுக்கு இன்ஸ்டாகிராமில் அவள் படத்தோடு போட நாலு வரி எழுதினேன். “என் செல்ல இளவரசியே, சிறகு விரித்துப் பற. நீ எங்கே போனாலும் அம்மாவின் நிழல் உன்னைத் தொடரும். உன்னை முழுசாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையைக் காப்பாற்று.” அவளிடம் காட்டினேன். “நல்லாருக்கும்மா” என்றாள், ஆனால் முகம் சரியில்லை. போன ஜூனில் அவள் அப்பாவுக்கு முடியாமல் போனபோது தனி ஆளாக மாங்காய் லோடோடு மண்டிக்குப் போய் வந்தவள் அவள். அவளை எனக்கு நம்பத் தெரியாதா? நான் எழுதியதில் என்ன தப்பு?

ஓர் அம்மா, காவேரிப்பட்டினம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். “முழுசாக நம்புகிறேன்” என்று கொடுத்ததை, “காப்பாற்று” என்ற சொல் அடுத்த மூச்சிலேயே திருப்பி வாங்கிக்கொள்கிறது. கடன் கொடுக்கிறவர் சொல்கிற தொனி அது. நம் ஊரில் பெண் பிள்ளைகள் வெளியூர் போகும்போது பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொல்லப்படுகிற வாக்கியமும் அதுதான். மாமா சொல்வார், பெரியம்மா சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். உங்கள் மகள் அதை நிறையக் கேட்டிருப்பாள். பிறந்தநாள் அன்று அம்மாவும் அதையே, அதுவும் அவள் சிநேகிதிகள் எல்லாரும் படிக்கிற இடத்தில் சொன்னால் முகம் எப்படிச் சரியாக இருக்கும்?

நிழல் தொடரும் என்ற வரி உங்களுக்குப் பாசம். லைவ் லொகேஷன் அனுப்பிக்கொண்டிருக்கப் போகிறவளுக்கு அது வேறு மாதிரி கேட்கும். அந்த வசதியைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவு இருக்கிறது. கோவையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்கு வரும்போது 8 மணி நேரத்துக்கு அவளாகவே போட்டுவிட்டால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். தினமும் காலையில் கேட்டு வாங்குவது அப்படியல்ல. அதை எப்போது போடுவது என்று முடிவு செய்கிற விரல் அவளுடையதாக இருக்கட்டும். இதை அவளோடு பேசி முடித்துவிட்டு அப்புறம் வாழ்த்தைப் போடுங்கள். இல்லாவிட்டால் எழுதியது ஒன்று, நடப்பது ஒன்று என்றாகிவிடும்.

சரி, என்ன எழுதலாம்?

நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன மாங்காய் லோடுதான் என்னை நிறுத்தியது. அதனால்தான் அந்த நாளைப் பற்றிக் கேட்டு உங்களுக்குத் தனியாக எழுதினேன். நீங்கள் அனுப்பிய பதிலை, உங்கள் அனுமதியோடு, இங்கே சொல்கிறேன். பெங்களூரா காய். பறித்து வைத்தாயிற்று, மறுநாள் என்றால் பழுத்துவிடும். பழுத்துப் போனால் கூழ் ஆலைக்கு எடுக்கிறவர் விலையைக் குறைப்பார். நீங்கள் ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாது. 17 வயதுப் பெண் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். எடை போடும்போது கூடவே நின்றாள். கழிவு என்று கழித்தது கூடுதலாக இருக்கிறது என்று கேட்டு, கொஞ்சம் குறைக்க வைத்தாள். சாயங்காலம் உங்கள் கையில் எடைச் சீட்டையும் பணத்தையும் கொடுத்துவிட்டு, “டீக்கும் பன்னுக்கும் முப்பது ரூபாய் எடுத்துக்கிட்டேன்மா” என்றாள். அன்றைக்கு மூன்று தடவை போனைக் கையில் எடுத்து, கூப்பிடாமலே வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் அவளை நம்பித் தனியாக விட்டது வருகிற வியாழக்கிழமை அல்ல, அந்த ஜூனில். வாழ்த்தில் எழுத வேண்டியது அதைத்தான். இளவரசி, சிறகு, வானம் எல்லாம் யார் மகளுக்கும் பொருந்தும். முப்பது ரூபாய்க்குக் கணக்குச் சொன்னது உங்கள் மகள் மட்டும்தான். நம்புகிறேன் என்ற சொல்லே இல்லாமல், கூப்பிடாமல் வைத்த அந்தப் போன் அதைச் சொல்லிவிடும்.

எழுதும்போது இரண்டு இடத்தில் கை நிற்க வேண்டும். அப்பாவின் உடம்பு அவருடைய விஷயம், அதனால் ஆஸ்பத்திரி வேண்டாம், ‘என்னால் வர முடியவில்லை’ என்றால் போதும். எவ்வளவு பணம் வந்தது என்பதும் ஊருக்குத் தேவையில்லை. அப்புறம், போடுவதற்கு முன்னால் அவளிடம் கேளுங்கள். “நல்லாருக்கா?” என்று கேட்டால் மறுபடியும் “நல்லாருக்கும்மா”தான் வரும். “இதில் எதை எடுத்துவிடலாம்?” என்று கேளுங்கள். என் மகனுக்கு 18 ஆனபோது நான் கேட்கவில்லை. அவன் ஒரு பாடத்தில் தவறி, மறுபடி எழுதித் தேறியதைப் பெருமையாக எழுதிவிட்டேன். அவன் தவறியது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. அன்று ராத்திரி அவன் எனக்குப் போன் செய்து, “அதை எடுத்துடுப்பா” என்று மட்டும் சொன்னான். எடுத்துவிட்டேன். படித்தவர்கள் படித்ததுதான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பெண்ணுக்கு 18 என்று எழுதினாலே, கீழே யாராவது ஒருவர் “அடுத்து கல்யாணச் சாப்பாடுதான்” என்று போடுவார். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், பெண்ணுக்கு 18-க்கு முன்னால் கல்யாணம் கூடாது என்கிறது. 18 ஆனதும் செய்து வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கீழே வருகிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் போட வேண்டாம். ‘கோவைக்குப் படிக்கப் போகிறாள்’ என்பது வாழ்த்துக்குள்ளேயே இருக்கட்டும்.

உங்கள் சொற்களை வைத்தே இப்படிக் கோத்துப் பார்த்தேன்:

“போன ஜூனில் ஒருநாள் என்னால் வர முடியவில்லை. நீதான் லோடோடு மண்டிக்குப் போனாய். மூன்று தடவை போனை எடுத்தேன், கூப்பிடவில்லை. சாயங்காலம் வந்து எடைச் சீட்டைக் கொடுத்தாய். டீக்கும் பன்னுக்கும் முப்பது ரூபாய் எடுத்துக்கிட்டேன்மா என்றாய். இன்றைக்கு உனக்கு 18. கோவைக்குப் போய் நன்றாகப் படி பாப்பா. கூப்பிடத் தோன்றும்போது கூப்பிடு, அம்மா எடுப்பேன்.”

இதில் ‘பாப்பா’ வேண்டாம் என்று அவள் சொன்னால் எடுத்துவிடுங்கள். வீட்டில் கூப்பிடுகிற பேரை நண்பர்கள் பார்ப்பது சில பிள்ளைகளுக்குக் கூச்சம். பிறந்த தேதி தெரிகிற ஹால் டிக்கெட், ஆதார் மாதிரி எதையும் படமாகப் போட்டுவிடாதீர்கள்.

அவள் பெயரில் உங்கள் கையெழுத்தோடு மைனர் கணக்கு ஏதாவது இருந்தால், 18 முடிந்ததும் காப்பாளர் கையெழுத்தில் அதை நடத்த முடியாது. அவளுடைய அடையாளச் சான்றையும் புதிதாக அவள் கையெழுத்தையும் வங்கி கேட்கும். ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன் ஒருநாள் இருவரும் போய் முடித்துவிடுங்கள். கவுண்டரில் படிவத்தை அவளே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருங்கள்.