நொமினி இல்லாத அப்பாவின் கணக்கும் காணாமற்போன அண்ணாவின் பங்கும்

கேள்வி: அப்பா போன வருடம் மாரடைப்பால் இறந்துவிட்டார். கிளிநொச்சியிலுள்ள ஒரு வங்கியில் அவரது சேமிப்புக் கணக்கில் 7 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கிடக்கிறது. நொமினி போடவில்லை. அம்மா இருக்கிறா. பெரியண்ணா கனடாவில். சின்னண்ணா 2009 இல் முள்ளிவாய்க்காலில் காணாமற்போனவர். நான் கடைசி, இன்னும் திருமணமாகவில்லை. எல்லா வாரிசுகளும் கையெழுத்து வைக்க வேண்டும் என்கிறது வங்கி. “ரெண்டு பிள்ளை எண்டு எழுதிக் குடுங்கோ, அலுவல் கெதியா முடியும்” என்கிறார் தெரிந்த ஒருவர். என்ன செய்ய? என்னென்ன பத்திரங்கள் வேண்டும்?
— வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, முதலில் அந்தத் தெரிந்தவரின் பேச்சை விட்டுவிடுங்கள். இரண்டு பிள்ளைகள் என்று எழுதினால் அது அம்மாவும் நீங்களும் சத்தியம் பண்ணி ஒப்பமிடும் பத்திரத்தில் ஏறும். பொய்ச் சத்தியக்கடதாசி தண்டனைக்குரிய குற்றம். அதைவிட, சின்னண்ணா காணாமற்போனதாக இத்தனை வருடமாக நீங்கள் கொடுத்த முறைப்பாடுகளும் பதிவுகளும் அரச கந்தோர்களில் இருக்கின்றன. வங்கிக்குக் கொடுத்த பத்திரத்தில் அவர் பிறக்கவே இல்லை என்றாகிவிட்டால், நாளைக்கு அவரைப் பற்றி எங்கேயாவது பேசவேண்டி வரும்போது அந்தக் கடதாசி உங்களுக்கு எதிராக நிற்கும். அவர் பெயர் எல்லாப் பத்திரத்திலும் இருக்கட்டும். அவரை வைத்துக்கொண்டே இந்தக் காசை எடுக்க வழி இருக்கிறது.

வங்கி ஏன் எல்லோருடைய கையெழுத்தையும் கேட்கிறது என்று விளங்கினால் மற்றதெல்லாம் இலேசாகும். நொமினி இருந்தால் அவரிடம் கொடுத்ததோடு வங்கியின் பொறுப்பு முடியும். நொமினி இல்லாவிட்டால் அந்தக் காசு இறந்தவரின் முதுசத்தோடு, அதாவது அவர் விட்டுச்சென்ற எல்லாச் சொத்தோடும், சேர்ந்துவிடும். முதுசம் வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. ஒருவரிடம் கொடுத்த பிறகு இன்னொருவர் வந்து “என் பங்கு எங்கே” என்று கேட்டால் வங்கி தன் கையிலிருந்து கட்டவேண்டி வரலாம். அந்தப் பயம் தீருகிற அளவுக்கு அவர்கள் பத்திரம் கேட்பார்கள். உங்கள் வீட்டில் நான்கு வாரிசுகள். அவர்களில் ஒருவர் கையெழுத்து வைக்க முடியாதவர். சிக்கல் அந்த ஓர் இடத்தில்தான்.

பங்கைப் பார்ப்போம். அப்பா மரணசாதனம், அதாவது உயில், எழுதவில்லை என்றும், இது அவர் கலியாணத்துக்குப் பிறகு உழைத்துச் சேர்த்த காசு என்றும் எடுத்துக்கொள்கிறேன். பொதுச் சட்டப்படி பாதி அம்மாவுக்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தினாலும் இது கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்து, அதாவது தேடியதேட்டம், என்பதால் கணக்கு அப்படியேதான் வரும். சீதனம் பெற்ற மகள் இருந்திருந்தால் தேசவழமையில் இன்னொரு கேள்வி எழுந்திருக்கும், உங்களுக்கு அது இல்லை. ஆக அம்மாவுக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம், பிள்ளைகள் மூவருக்கும் தலைக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். சின்னண்ணாவின் பெயரில் நிற்கும் தொகை இவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொண்டு வங்கியோடு பேசுங்கள்.

அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது மரணச் சான்றிதழின் பிரதியோடு, அம்மா ஒப்பமிட்ட ஒரு கடிதத்தைக் கொண்டுபோங்கள். அப்பா இறந்த திகதி, கணக்கு இலக்கம், வாரிசுகள் நால்வரின் பெயர், சின்னண்ணா காணாமற்போனவர் என்ற விபரம், இவ்வளவும் அதில் போதும். கடைசி வரியில், வேண்டிய பத்திரங்களை எழுத்தில் அறியத் தரும்படி கேளுங்கள். இதை வலியுறுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கவுண்டரில் ஒருநாள் ஒருவர் ஒன்றைச் சொல்வார், அடுத்த கிழமை வேறொருவர் வேறொன்றைச் சொல்வார். முடிவு எடுப்பவர்களோ கிளையில் இல்லை, தலைமை அலுவலகத்தின் சட்டப் பிரிவில் இருக்கிறார்கள். எழுத்தில் கேட்டால்தான் கோப்பு அங்கே போகும்.

பொதுவாகக் கேட்பவை இவை: மரணச் சான்றிதழ், அம்மாவின் விவாகச் சான்றிதழ், பிள்ளைகள் மூவரதும் பிறப்புச் சான்றிதழ்கள், உள்ளவர்களின் அடையாள அட்டைகள், பாஸ் புத்தகம், ஏ.ரி.எம். அட்டை. இவற்றோடு, அப்பாவின் குடும்பத்தில் யார் யார் என்று கிராம அலுவலர் எழுதி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கடிதம் ஒன்று. பிறகு இன்னாரைத் தவிர வேறு வாரிசு இல்லை, மரணசாதனம் இல்லை என்று சமாதான நீதவான் முன் ஒப்பமிடும் சத்தியக்கடதாசி. கடைசியாக நட்டஈட்டு உறுதிப் பத்திரம். பின்னொரு நாளில் வேறு உரிமையாளர் வந்தால் நாங்கள் பொறுப்பு என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது அது. இதற்குப் பிணையாளர்களையும் கேட்கக்கூடும். சத்தியக்கடதாசிக்கும் உறுதிப் பத்திரத்துக்கும் வங்கிகள் தங்கள் சொந்த மாதிரியை வைத்திருக்கும். அதை வாங்குமுன் வெளியே காசு கொடுத்து எழுதுவிக்காதீர்கள்.

இடம்பெயர்வில் போன சான்றிதழ்களுக்குப் பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் பிரதி கேட்கலாம். அதைவிட அதிகமாக நம் பக்கத்தில் ஆட்களை இழுத்தடிப்பது பெயர்தான். இராசையா என்ற பெயரை ஆங்கிலத்தில் அடையாள அட்டையில் ‘ஜே’ போட்டு எழுதியிருப்பார்கள், பாஸ் புத்தகத்தில் ‘எஸ்’ போட்டிருப்பார்கள். மரணச் சான்றிதழில் தகப்பன் பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கும், வங்கியில் முதலெழுத்து மட்டும் இருக்கும். எல்லாப் பத்திரத்தையும் மேசையில் ஒன்றாகப் பரப்பி, அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பன என்று கிராம அலுவலரின் கடிதத்திலேயே ஒரு வரி சேர்ப்பியுங்கள், சத்தியக்கடதாசியிலும் அதே வரியை வையுங்கள். கோப்பு கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு இதைச் செய்தால் மாதங்கள் போய்விடும்.

பெரியண்ணா வரத் தேவையில்லை. வங்கி தரும் சம்மதப் பத்திரத்தை அவருக்கு அனுப்பி, அங்குள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில், ரொறன்ரோவுக்குக் கிட்ட என்றால் அங்குள்ள துணைத் தூதரகத்தில், அதிகாரி முன் ஒப்பமிடச் சொல்லுங்கள். மூலப் பத்திரம் தபாலில் வரவேண்டும், வாட்சப்பில் வரும் படம் உதவாது. அவர் அற்றோர்னித் தத்துவம் தருவதானால், அதை இங்கே பதிவு செய்த பின்னரே பாவிக்கலாம். அவருடைய பங்கு அம்மாவுக்குப் போகட்டும் என்றால் அதையும் அந்தப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதவேண்டும்.

இனிச் சின்னண்ணா. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காணாமற்போனவரை இறந்தவராகப் பதிய வழி வந்தது. 2016 இல் அதைத் திருத்தி, இறந்தவர் என்று சொல்லாமல், காணக்கிடைக்காதவர் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பதிவாளர் நாயகம் அதை வழங்குகிறார். உங்களிடம் அது இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் விசாரித்து விண்ணப்பியுங்கள். அம்மாவிடம் மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வங்கியோ வேறு யாருமோ நெருக்கினால் இணங்கவேண்டியதில்லை. 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்காக ஒரு தாய் அந்த முடிவை எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவவுக்கு மனம் வந்தால் அது வேறு, அவசரம் அதில் கலக்கக்கூடாது.

அந்தச் சான்றிதழை வைத்து வங்கியிடம் இரண்டில் ஒன்றைக் கேட்கலாம். அம்மா, பெரியண்ணா, நீங்கள் ஆகிய மூவரின் பங்கான 6 இலட்சத்தை விடுவித்து, சின்னண்ணாவின் 1 இலட்சத்து 20 ஆயிரத்தைக் கணக்கிலேயே வைத்திருக்கும்படி கேட்பது ஒன்று. நட்டஈட்டுப் பத்திரத்தில் பிணையாளர்களைக் கூட்டி, முழுத் தொகையையும் அம்மாவிடம் தரும்படி கேட்பது மற்றது. முதலாவதை வங்கிகள் ஏற்பது சுலபம், ஏனென்றால் கையெழுத்து இல்லாதவரின் பங்கை அவர்கள் தொடவில்லை. இரண்டுக்கும் வங்கி கட்டுப்பட்டதல்ல என்பதையும் அறிந்து வையுங்கள்.

இரண்டையும் மறுத்தால் மிச்சமிருப்பது நீதிமன்றம். அப்பா வாழ்ந்த இடம் முல்லைத்தீவு மாவட்டம் ஆகையால், முல்லைத்தீவு மாவட்ட நீதிமன்றத்தில் அம்மா மனுத் தாக்கல் செய்து நிர்வாகக் கடிதம் கேட்கலாம். சின்னண்ணாவின் பெயரும் அவருடைய நிலையும் மனுவிலேயே வரும். பத்திரிகையில் அறிவித்தல் போட்டு, ஆட்சேபனைக்குக் காலம் விட்டு, அதன் பிறகே கடிதம் கிடைக்கும். அது கைக்கு வந்துவிட்டால் முதுசத்தைப் பொறுப்பெடுக்க அம்மாவுக்கு அதிகாரம் உண்டு, வங்கி காசைக் கொடுக்கும். காணாமற்போனவரின் பங்கை என்ன செய்வது என்பதை நீதிமன்றம் சொல்லும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

நீதிமன்றம் கட்டாயமா என்று வங்கியோடு பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். இறந்தவரின் முதுசம் 40 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்டால்தான் நிர்வாகக் கடிதம் இல்லாமல் அதை வழக்கிட்டு மீட்க முடியாது என்று குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது. இதில் கணக்கு மட்டுமல்ல, அப்பா பெயரில் காணி, வீடு, உழவு இயந்திரம் இருந்தால் அவையும் சேரும். உங்கள் முதுசம் அதற்குக் கீழே என்றால் அதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். ஆனாலும் வழக்கில்லாமல் எவ்வளவு வரை கொடுப்பது என்று ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஓர் எல்லை வைத்திருக்கிறது, உங்கள் தொகை அதற்குள் வருகிறதா என்று நேரே கேளுங்கள்.

அப்பாவின் ஏ.ரி.எம். அட்டை வீட்டில் இருந்தால், அதைப் போட்டுக் காசு எடுக்கவேண்டாம். மரணத் திகதிக்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு தொகையும் கணக்கு அறிக்கையில் நேரத்தோடு நிற்கும். எடுத்தவர் யார் என்ற கேள்வி மற்ற வாரிசுகளுக்கு முன்னால் எழும், விண்ணப்பமும் அங்கேயே நின்றுவிடும். செத்தவீட்டுச் செலவுக்கு எடுத்திருந்தால், பற்றுச்சீட்டுகளோடு அதைக் கடிதத்தில் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

எழுத்தில் கேட்டும் பதில் வராவிட்டால், வங்கியின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவுக்குக் கடிதப் பிரதியோடு எழுதுங்கள். அங்கும் சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புப் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். எதை, எந்தத் திகதியில் கொடுத்தீர்கள் என்பதை அவர்கள் கேட்பார்கள். ஆகவே கையளிக்கும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் வங்கியின் திகதி முத்திரையை அன்றே குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.