முழங்கால் பயிற்சித் தாள்: வாசகர் கேள்விகளும் பிசியோவின் பதில்களும்

கேள்வி: முழங்கால் தசைநார் அடிபட்டு மூன்று வாரம் ஆகிறது. தாளில் முதல் வரியே “குவாட் செட் 3 × 10, ஹோல்ட் 5 செகண்ட், தினம் 2 வேளை” என்று இருக்கிறது. நான் ஒரே மூச்சில் முப்பது முறை செய்துவிட்டு, கடைசியில் மட்டும் ஐந்து செகண்ட் பிடிக்கிறேன். சரியா?

இல்லை. இந்த வரியில் குழம்பாதவர்கள் குறைவு. குவாட் செட் என்பது பயிற்சியின் பெயர். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அமுக்குவதுபோல் முன்தொடைத் தசையை இறுக்குவது. அந்தப் பெயரில் உள்ள ‘செட்’டுக்கும் எண்ணிக்கையில் வரும் செட்டுக்கும் சம்பந்தமில்லை.

தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, முழுசாகத் தளர்த்தினால் அது ஒரு ரெப். ஹோல்ட் ஒவ்வொரு ரெப்புக்கும் உண்டு. அப்படிப் பத்து முடிந்தால் ஒரு செட். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு அடுத்த செட்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து செகண்ட் இறுக்கம், மூன்று செகண்ட் தளர்வு என்றால் ஒரு செட்டுக்கு 80 செகண்ட். மூன்று செட்டுக்கு நான்கு நிமிடம். நடுவில் ஒவ்வொரு நிமிடமாக இரண்டு ஓய்வு. ஆக ஒரு வேளைக்கு ஆறு நிமிடம் பிடிக்கும். உங்களுக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்றால் ஹோல்டை விழுங்குகிறீர்கள். சிலர் தாளில் 10 × 3 என்று திருப்பி எழுதியிருக்கும். அப்போது எது செட், எது ரெப் என்று எழுதிக்கொடுத்தவரிடமே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: காலை நேராக நீட்டித் தூக்கும் பயிற்சியில் ஆறாவது, ஏழாவது முறையிலேயே தொடை நடுங்குகிறது. பத்தையும் முடித்தே ஆக வேண்டுமா?

நடுக்கம் பரவாயில்லை, தசை களைக்கிறது, அவ்வளவுதான். நான் பார்ப்பது முழங்காலை. தூக்கும்போது அது லேசாக மடங்கி, குதிகால் பின்தங்குகிறதா? மடங்கினால் முன்தொடைத் தசையால் மூட்டை நிமிர்த்திப் பிடிக்க முடியவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு செய்யும் ரெப் இடுப்புத் தசையின் வேலை, கணக்கில் சேராது. ஆறில் மடங்கினால் ஐந்தோடு நிறுத்தி, தாளில் “5” என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை உங்கள் பிசியோவுக்கு வெறும் டிக் குறிகளைவிட அந்த ஐந்துதான் உதவும். மூச்சை அடக்காதீர்கள். வாய்விட்டு எண்ணினால் அடக்க முடியாது.

கேள்வி: “வலி 3க்கு மேல் போனால் குறைக்கவும்” என்று இருக்கிறது. எனக்குச் செய்யும்போது வலியே தெரிவதில்லை, மறுநாள் காலையில்தான் முட்டி கனக்கிறது.

அந்த 3 என்பது பத்துக்கு. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது. ஆனால் செய்யும்போது இருக்கும் வலி பாதிக் கதைதான், மீதியை மறுநாள் காலை சொல்லும். தொடையில் உளைச்சல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மூட்டுக்குள் கனமும் வீக்கமும் என்றால் முந்தைய நாள் பளு அதிகம்.

தையல் டேப் ஒன்று போதும். காலை எழுந்ததும் காலை நீட்டி, முட்டிச்சில்லின் நடுவே சுற்றி அளந்து எழுதுங்கள். தினமும் அதே இடம், அதே நேரம். திங்கள் 38.5 செ.மீ., செவ்வாய் 38.6 என்றால் அது டேப்பின் தடுமாற்றம். புதிதாக மினி ஸ்குவாட் சேர்த்த மறுநாள் 39.7 என்றால் மூட்டில் நீர் கோத்திருக்கிறது. அப்போது எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டாம். புதிதாகச் சேர்த்ததை மட்டும் நிறுத்தி, பழையதை இரண்டு செட்டாகக் குறையுங்கள். வீக்கம் ஓரிரு நாளில் பழைய அளவுக்கு வராவிட்டால் பிசியோவிடம் பேசுங்கள்.

கேள்வி: காலையில் விட்டுப்போனால் மாலையில் ஆறு செட் செய்யலாமா?

வேண்டாம். விட்டது விட்டதுதான்.

கேள்வி: இரண்டு நாளாக அடிபட்ட காலின் கெண்டைச்சதை வலிக்கிறது. பயிற்சியால்தான் என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறார்கள். தாளின் அடியில் எச்சரிக்கைக் குறிப்பில் “கெண்டைக்கால் வலி” என்றும் போட்டிருக்கிறது.

உருவுவதை இப்போதே நிறுத்துங்கள், பயிற்சியையும். இன்றே மருத்துவரைப் பாருங்கள். காலை அதிகம் அசைக்காமல் இருந்தவர்களுக்கு ஆழ்நரம்பில், அதாவது உள்ளே ஓடும் சிரையில், ரத்தம் கட்டலாம். ஒரு கால் மட்டும் வீங்குவது, சூடு, நிறமாற்றம், தொட்டால் வலி ஆகியவை அதன் அடையாளங்கள். நான்கும் சேர்ந்து வரக் காத்திருக்க வேண்டாம். கட்டியது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வரும். அப்படி வந்தால் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அதே அடிக்குறிப்பில் இருக்கும் மற்றவையும் இதே ரகம்தான். காய்ச்சலோடு முட்டி சிவந்து கொதித்தாலோ, பாதம் மரத்துப்போனாலோ, காலை ஊன்றவே முடியாமல் போனாலோ, மூட்டு பாதியில் பூட்டிக்கொண்டு நீட்டவே வராவிட்டாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். பூட்டிய முட்டியை அமுக்கி நிமிர்த்தாதீர்கள். கிழிந்த ஜவ்வுத் துண்டு நடுவில் சிக்கியிருக்கலாம்.