த்ரீடி படம் கேட்பதற்கு முன் என்ன எழுதி அனுப்புவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பெங்களூரில் வீட்டுச் சாவி கைக்கு வந்ததும், மரவேலை தொடங்கும் முன் தனியாக ஒரு விஷுவலைசரைப் பிடித்து அறைகளைப் படமாகப் பார்த்துவிடுபவர்கள் நிறையப் பேர். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அவருக்கு அனுப்பும் முதல் செய்தியைப் பற்றியவை. இந்தப் படங்களைப் போடுவதுதான் என் தொழில். அதனால் அந்தச் செய்தியை வாங்கிப் படிக்கும் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

இருபது பின்ட்ரெஸ்ட் படங்களை அனுப்பி, "மாடர்னாக, வார்மாக வேண்டும்" என்று எழுதினேன். வந்த படம் ஹோட்டல் வரவேற்பறை மாதிரி இருக்கிறது. எங்கே தவறு?
*ஒயிட்ஃபீல்ட் வாசகி*

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஒன்றில் கூரை பன்னிரண்டு அடியாவது இருக்கும். இன்னொன்றில் கறுத்த வால்நட் மரம், மற்றொன்றில் சாம்பல் சுவர். இவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது என்று எங்கேயும் எழுதவில்லை. அப்படி வந்தால் நாங்கள் எல்லாப் படங்களிலும் பொதுவாக இருப்பதை எடுத்துக்கொள்வோம். உங்கள் படங்களில் பொதுவாக இருந்தவை மார்பிளும் கூரைக்குள் மறைத்த விளக்கும். அவையே வந்துவிட்டன.

"வார்ம்" என்ற சொல்லும் காலை வாரியிருக்கிறது. நீங்கள் நினைத்தது மரத்தின் நிறம். விஷுவலைசருக்கு அந்தச் சொல் முதலில் மஞ்சள் விளக்கைத்தான் நினைவுபடுத்தும்.

நீங்கள் கடிதத்தில் சொன்ன விவரங்களையே வைத்து, ஹாலுக்கான செய்தியை நான் இப்படி எழுதியிருப்பேன்:

"ஹாலும் சாப்பிடும் இடமும் ஒன்றாக இருக்கின்றன. நீளம் 19 அடி 4 அங்குலம், அகலம் 11 அடி 2 அங்குலம், உயரம் 9 அடி 7 அங்குலம். வாசல் மேற்கே, பால்கனி கிழக்கே. தரை டைல் மாறாது: ஐவரி நிறம், 2க்கு 4 அடி, பளபளப்பானது. டிவி வடக்குச் சுவரில். அம்மா தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவார், அதனால் நடுவில் டீபாய் வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த தேக்கு ஊஞ்சல் பால்கனிப் பக்கம் தொங்கும். பலகை 5க்கு 2 அடி, கொக்கி போட்டாகிவிட்டது, போட்டோ இணைத்திருக்கிறேன். முதல் படத்தில் மரத்தின் நிறத்தை மட்டும் பாருங்கள். இரண்டாவதில் திரைத்துணி எவ்வளவு மெல்லியது என்பதை மட்டும், அதன் நிறம் வேண்டாம். மூன்றாவது எங்களுக்குப் பிடிக்காத படம்: கூரை முழுக்க விளக்குப் பட்டை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, விளக்கு போடாமல் பேப்பர் படிக்க முடிகிற வெளிச்சம் வேண்டும்."

இதில் "மாடர்ன்" என்ற சொல்லே இல்லை, ஆனாலும் அறை கண் முன்னே வந்துவிடுகிறது. இருபது படங்களுக்குப் பதில் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். பிடிக்காத படம் ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். என் அனுபவத்தில் பிடித்த படங்களைவிட அதுதான் அதிகம் உதவும். கடைசி வரியும் வெறும் ரசனைக்காக எழுதியதல்ல. உங்கள் பால்கனி கிழக்கே பார்ப்பதால் காலை ஒன்பது மணி வெயில் உள்ளே வரும். நேரத்தைச் சொல்லாமல் விட்டால் அழகுக்காக ஒரு மாலை வெயிலைப் போட்டுத் தருவார்கள். அது உங்கள் பால்கனி வழியாக ஒருநாளும் வராது.

பில்டர் கொடுத்த பிரோஷர் பிளான் போதாதா?
*சர்ஜாபூர் ரோடு வாசகர்*

போதாது. பிரோஷரில் பெரும்பாலும் பீம் இருக்காது. அளவும் பூச்சுக்கு முந்திய சுவருக்கு எடுத்ததாக இருக்கலாம். பிரோஷரை மட்டும் நம்பி நான் ஒரு ஹாலுக்கு 9 அடி உயரத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டுக் கொடுத்தேன், அவர்களுக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. வேலைக்கு வந்த ஆள் டேப்பை நீட்டிப் பார்த்தால், ஹாலுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே பீமின் அடிப்பாகம் 8 அடி 3 அங்குலத்தில் நிற்கிறது. சீலிங்கை அதற்கும் கீழே இறக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒப்புக்கொண்ட படம் அன்றோடு பயனில்லாமல் போனது. அன்றிலிருந்து பீம் அளவு கைக்கு வராமல் நான் மாடலைத் தொடுவதில்லை.

ஒவ்வொரு சுவரையும் நீங்களே அளந்து ஒரு தாளில் கையால் வரையுங்கள், கோடு கோணலாக இருந்தாலும் சரி. ஜன்னலுக்கு அகலம், உயரம், தரையிலிருந்து எவ்வளவு மேலே தொடங்குகிறது என்ற மூன்றும் வேண்டும். பீமுக்குத் தரையிலிருந்து அதன் அடிப்பாகம் வரை. சுவிட்ச் போர்டு, ஏசி பாயின்ட் இரண்டையும் குறித்துவிடுங்கள்.

அளவு சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரு சுவரில் 2 அடி 4 அங்குலம் சுவர், 5 அடி கதவு, மறுபடி 3 அடி 10 அங்குலம் சுவர் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 11 அடி 2 அங்குலம். முழுச் சுவரையும் ஒரே இழுப்பில் அளந்தபோதும் அதுவே வந்ததா? இரண்டு அங்குலம் இடித்தால் மறுபடி அளங்கள். அலமாரியில் இரண்டு அங்குலம் பெரிய விஷயம்.

அப்புறம், நான்கு மூலையிலும் நின்று போட்டோ எடுங்கள், வைட் லென்ஸ் வேண்டாம். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் படம் சுருங்காது.

படத்தில் தேன் நிறமாக இருந்த லேமினேட், வீட்டில் வெளிறித் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?
*மாரத்தஹள்ளி வாசகர்*

லேமினேட்டில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. படத்தில் விளக்கு 3000 கெல்வின், அதாவது மஞ்சள் சாய்ந்த வெளிச்சம். நீங்கள் மாட்டியிருப்பது 6500, நம் வீடுகளில் பழகிப்போன வெள்ளை விளக்கு. அதே தேக்கு நிறம் அதன் கீழே சாம்பல் பூசினாற்போல் தெரியும். மாட்டப்போகும் விளக்கின் கெல்வின் எண்ணை முதல் செய்தியிலேயே எழுதியிருந்தால் படத்திலேயே இது தெரிந்திருக்கும். எண் பல்பின் அட்டையில் இருக்கும். லேமினேட்டுக்கும் "தேக்கு நிறம்" என்று எழுதாமல் கேட்டலாக் எண்ணையும், மேட்டா பளபளப்பா என்பதையும் கொடுங்கள். இப்போதைக்கு, ஒரே ஒரு பல்பை 3000க்கு மாற்றிப் பாருங்கள். பிடித்திருந்தால் மீதியை மாற்றிக்கொள்ளலாம்.

படத்தில் படுக்கையறை நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அளவெல்லாம் சரியாகத்தான் கொடுத்தேன்.
*அல்சூர் வாசகி*

மாடல் சரியாக இருக்கும். கேமராதான் அறைக்கு வெளியே நிற்கிறது. சின்ன அறை முழுதும் தெரிய வேண்டுமென்று ஒரு சுவரை மறைத்து, பின்னால் தள்ளிப்போய்ப் படம் எடுப்பது எங்கள் வழக்கம். கூடவே வைட் லென்ஸும் இருந்தால் ஓரத்தில் இருக்கும் கட்டில் இழுத்துவிட்டாற்போல் நீளும். எது வேண்டும் என்பதை எழுதிவிடுங்கள்: "கதவருகில் நிற்பவரின் கண் உயரத்திலிருந்து, கேமரா அறைக்குள்ளேயே." அறை முழுதும் தெரியாது, பரவாயில்லை. அலமாரிக் கதவைத் திறந்தால் கட்டிலுக்கும் அதற்கும் நடுவே நடக்க இடம் இருக்கிறதா என்பது தெரியும்.

எத்தனை முறை திருத்தம் கேட்கலாம்?
*பானஸ்வாடி வாசகர்*

முன்பே பேசி எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு சுற்று என்றால் நியாயம். அதைவிட முக்கியம், நிறம் ஏற்றாத வெள்ளை மாடலை முதலில் காட்டச் சொல்லிக் கேட்பது. சோபாவை எதிர்ச் சுவருக்கு மாற்ற வேண்டுமா, கட்டில் திசை சரியா என்பதையெல்லாம் அப்போதே சொல்லிவிடுங்கள். அந்த நிலையில் அது கொஞ்ச நேர வேலை. நிறமும் விளக்கும் ஏற்றியபின் சொன்னால் பாதி வேலையை மறுபடி செய்ய வேண்டும். வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, ஒருவர் மட்டும் பதில் எழுதுங்கள்.